முன்–பின் படங்கள்: எந்த இணையை ஒப்பிடலாம்?

திருமணத்திற்குச் சில மாதங்கள் இருக்கையில் மணப்பெண்கள் முகப் பராமரிப்புக்கென்று ஒரு பேக்கேஜ் எடுத்துக்கொள்வது சிங்கப்பூரில் வழக்கமாகிவிட்டது. பருவினால் வந்த கறைகளையும் குழிகளையும் சரிசெய்வதாகச் சொல்லும் இரண்டு அழகு நிலையங்கள், இரண்டுமே தேக்கா வட்டாரத்தில் உள்ளவை, ஆளுக்கொரு முன்–பின் பட இணையை என் அக்காள் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தன. முதல் இணையில் மங்கித் திட்டுத்திட்டாக இருந்த முகம், சில வாரங்களில் பளிங்குபோல் ஆகியிருந்தது. இரண்டாம் இணையில் மாற்றம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. “முதலாவதுதான் நல்லா இருக்கு, சித்தி” என்றாள் அவள். படமெடுப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, மாற்றம் எவ்வளவு என்பதைவிட, சிகிச்சையைத் தவிர வேறு என்னென்ன மாறியிருக்கின்றன என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியதாகப் பட்டது.

படத்தைப் பெரிதாக்கிக் கண்ணின் கருவிழியைப் பார்த்தால், எந்த விளக்கின் கீழ் எடுத்தது என்று தெரிந்துவிடும். முதல் இணையின் ‘முன்’ படத்தில் கருவிழியின் மேல்விளிம்பில் நீளமான வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. அது கூரையிலுள்ள குழல் விளக்கு. ‘பின்’ படத்திலோ கருவிழியின் நடுவே முழு வட்டமாக ஒரு வளையம் இருந்தது. அது கேமராவைச் சுற்றி வைக்கும் ரிங் லைட். இந்த வேறுபாடு சிறியதன்று. பருக்குழி என்பது நிறமன்று, பள்ளம். தன் விளிம்பு விழுத்தும் நிழலால்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ வரும் வெளிச்சம் அந்த நிழலை உண்டாக்கும். நேர் முன்னாலிருந்து சுற்றிலும் வரும் வெளிச்சம் அதை அழித்துவிடும். ஆகவே, குழிகள் குறைந்தன என்று சொல்லும் படங்கள் ஒரே திசையிலிருந்து வந்த வெளிச்சத்தில் எடுக்கப்படாவிட்டால், அவற்றை ஒப்பிடுவதற்கு வழியே இல்லை. இரண்டாம் இணையில் இரு படங்களிலும் கருவிழியின் ஒரே இடத்தில் ஒரே சன்னல் வடிவம் பிரதிபலித்தது. மூக்கின் நிழலும் மேலுதட்டில் ஒரே பக்கம் விழுந்திருந்தது.

கறைகளின் கதை வேறு. அவை நிறத்தால் தெரிபவை என்பதால் வெளிச்சத்தின் திசை அவற்றை அவ்வளவாகப் பாதிக்காது, அளவு பாதிக்கும். நம் மாநிறத் தோலில் படத்தின் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டினாலே கறைக்கும் பக்கத்துத் தோலுக்கும் உள்ள வேறுபாடு கரைந்துபோகும். ‘நிறம் கூடிவிட்டது’ என்ற எண்ணமும் உடன் வந்துவிடும். இதைப் பிடிக்க, சிகிச்சை படாத ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும். முகத்துக்கு மட்டும் செய்த பேக்கேஜில் கழுத்து அப்படிப்பட்ட இடம். கணினியில் படத்தைத் திறந்து, நிறம் எடுக்கும் கருவியால் ஒளி அளவை (0 கருப்பு, 255 வெள்ளை) பார்த்தோம். முதல் இணையில் கன்னம் 112இலிருந்து 168க்கு உயர்ந்திருந்தது. யாரும் தொடாத கழுத்தும் 118இலிருந்து 175க்கு உயர்ந்திருந்தது. மாறியது பெரும்பாலும் படத்தின் வெளிச்சமே என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை. இரண்டாம் இணையில் கழுத்து 131, 133 என்று ஏறக்குறைய அப்படியே இருந்தது. கன்னத்துக் கறை 96, அதை ஒட்டிய தோல் 128 என்று 32 புள்ளி இடைவெளி இருந்தது. ‘பின்’ படத்தில் அவை 109, 130 ஆகி, இடைவெளி 21 ஆகச் சுருங்கியிருந்தது. கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாத அந்த மாற்றம்தான் நான்கு படங்களிலும் நம்பத்தக்க ஒரே மாற்றம்.

முதல் இணையில் இன்னொன்றும் இருந்தது. அதைக் கண்டவள் அக்காள் மகள்தான். இரு படங்களிலும் பெண் ஒரே பக்கம் திரும்பி, படத்தின் இடப்புறக் கன்னத்தைக் காட்டியிருந்தாள். ஆனால் ‘முன்’ படத்தில் அந்தக் கன்னத்தை ஒட்டியே இருந்த மூக்குத்தி, ‘பின்’ படத்தில் மூக்கின் மறுபுறத்தில் இருந்தது. மூக்குத்தியை யாரும் பக்கம் மாற்றிக் குத்திக்கொள்வதில்லை. இரண்டில் ஒன்று, முன்கேமராவில் எடுத்துக் கண்ணாடி பிம்பமாகச் சேமிக்கப்பட்ட படம். அப்படியானால் நமக்குக் காட்டப்பட்டவை ஒரு கன்னத்தின் இரு நிலைகள் அல்ல, இரண்டு வெவ்வேறு கன்னங்கள். இது திட்டமிட்ட ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் அனுப்பிய செல்ஃபியை அப்படியே போட்டிருக்கலாம். எப்படியானாலும் ஒப்பீடு செல்லாது.

தூரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கை நீட்டி எடுக்கும் செல்ஃபியில், 30 செ.மீ. அளவு அருகிலிருந்து எடுக்கும்போது, 1.5 மீட்டர் தள்ளி நின்று எடுப்பதைவிட மூக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. முகம் ‘மெலிந்தது’ என்று காட்டும் படங்களில் காதுகளைக் கவனியுங்கள்: மிக அருகிலிருந்து எடுத்தால் அவை கன்னங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், தள்ளி எடுத்தால் வெளியே வரும்.

மேக்கப்பும் தோலை வழவழப்பாக்கும் பியூட்டி மோடும் எல்லாருக்கும் தெரிந்த சந்தேகங்கள். ஆயினும் இரண்டுக்கும் அடையாளம் வெவ்வேறு. பவுண்டேஷன் பூசினால் கன்னத்தின் நிறம் காது மடலின் நிறத்தோடு ஒட்டாமல் நிற்கும், புருவத்தின் ஓரத்து மயிரடிகளில் மாவு படிந்திருக்கும். பியூட்டி மோடிலோ இமைமயிரும் உடையின் சரிகை இழையும் கூர்மையாக இருக்க, நடுவிலுள்ள தோலில் மட்டும் ஒரு துளைகூட இருக்காது. இரண்டாம் இணை இச்சோதனைகளிலும் தேறியது. மூக்கோரத்துத் துளைகள் இரு படங்களிலும் எண்ணும்படி இருந்தன.

அதற்காக இரண்டாம் நிலையத்தின் சிகிச்சை பலன் தரும் என்று ஆகிவிடாது. எந்தப் படத்திலும் தேதி இல்லை. ஃபேஷியல் முடிந்த உடனே ஈரப்பதத்தாலும் இலேசான வீக்கத்தாலும் தோல் உப்பி, குழிகள் ஆழமற்றுத் தெரியும். இந்தப் பொலிவு நீடிப்பதில்லை. இன்னொரு பக்கம், பரு ஆறியபின் நிற்கும் கருங்கறை, வெயிலிலிருந்து காத்துக்கொண்டாலே மாதக்கணக்கில் தானாகவும் மங்கும். பரு உச்சத்தில் இருந்த நாளில் ‘முன்’ படத்தை எடுத்திருந்தால், ஒன்றுமே செய்யாமலிருந்தாலும் ‘பின்’ படம் அதைவிட நன்றாகத்தான் வந்திருக்கும். ஆகவே 32 புள்ளி 21 ஆனதில் சிகிச்சையின் பங்கு எவ்வளவு என்பதை அந்த இணையைக் கொண்டு பிரிக்க முடியாது. ஒப்பிடத் தகுந்த படங்கள் என்பது ஒன்று, பலனுக்குச் சான்று என்பது வேறொன்று.

அக்காள் மகள் இரு நிலையங்களிடமும் இரண்டே கேள்விகளை எழுதிக் கேட்டாள்: படங்கள் எடுத்த தேதிகள் என்ன, கடைசி அமர்வு முடிந்து நான்கு வாரங்களுக்குப் பின் அதே இடத்தில் எடுத்த படம் உண்டா. முதல் நிலையம், அன்றே பணம் கட்டினால் 200 வெள்ளி தள்ளுபடி என்று பதில் எழுதியது. இரண்டாம் நிலையம் தேதிகளைத் தந்தது: இடையில் பதினொரு வாரங்கள், ‘பின்’ படம் கடைசி அமர்வுக்கு மறுநாள் எடுத்தது, நான்கு வாரப் படம் இல்லை. அவள் முழுப் பேக்கேஜையும் எடுக்காமல் இரண்டாம் நிலையத்தில் ஓர் அமர்வுக்கு மட்டும் முன்பதிவு செய்தாள். முதல் நாளே, அங்குள்ள சன்னலோர நாற்காலியில், பின்கேமராவில், கழுத்தும் காதும் தெரியத் தன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.