மைக்ரோ இன்ஃப்ளூயன்சர் தளத்தில் 2 லட்சம் போனது: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இன்று காலை அவர்களிடமிருந்து கடைசி மெயில் வந்தது. "உங்கள் கேம்பெய்ன் வெற்றிகரமாக முடிந்துவிட்டது, டிக்கெட் மூடப்படுகிறது." அவ்வளவுதான். போன 2 லட்சத்துக்கு அதுதான் பதில். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். புதுப் பொருளைச் சின்ன இன்ஃப்ளூயன்சர்கள் மூலம் அறிமுகப்படுத்த நினைப்பவர்கள் கண்ணில் இது பட வேண்டும்.

பேங்கில் புகார் நடப்பதால் பெயர் சொல்லவில்லை. பிராண்டுகளையும் இன்ஃப்ளூயன்சர்களையும் சேர்த்துவைத்து, நடுவில் கமிஷன் எடுக்கும் ஆன்லைன் தளம். இந்த மாதிரி நிறைய இருக்கின்றன.

எங்கள் பொருள் இடது கையால் எழுதுபவர்களுக்கான நோட்டும் பேனாவும். இடமிருந்து வலமாக எழுதும்போது இடது கை எழுதிய வரி மேலேயே நகரும், மை காய்வதற்குள் இழுசிவிடும். அதற்காகச் சட்டென்று காயும் மை, கை இடிக்காதபடி வலப்பக்கம் வைத்த சுருள் கம்பி. உலகத்தில் பத்தில் ஒருவர்தான் இடது கைக்காரர். ஒரு பிரபலத்துக்குப் பணம் கொடுத்தால் பார்க்கிற பத்தில் ஒன்பது பேருக்கு இந்தப் பேனா தேவையே இல்லை. மிச்சமிருக்கும் ஒருவருக்கும் எழுதுவதில் அக்கறை இருக்க வேண்டும். அதனால்தான் 10,000 முதல் 1 லட்சம் வரை பாலோயர் வைத்துக்கொண்டு கையெழுத்து, டைரி, ஓவியம் என்று ஒரே விஷயத்தைப் பேசும் சின்னக் கணக்குகள் வேண்டும் என்று முடிவு செய்தோம். அந்த முடிவு சரியானது என்றுதான் இப்போதும் சொல்கிறேன். அந்தக் கணக்குகளைத் தேடித் தருகிறேன் என்று வந்தவர்கள்தான் ஏமாற்றினார்கள்.

அவர்களுடைய மேனேஜர் வீடியோ காலில் திரையைக் காட்டினார். பத்து கணக்குகள், ஒவ்வொன்றின் பெயருக்குப் பக்கத்திலும் பச்சை டிக். "எல்லாரையும் நாங்களே சரிபார்த்தது சார், போலி பாலோயருக்கு இடமே இல்லை" என்றார். பார்வையாளர்களின் வயது, ஊர், ஆர்வம் எல்லாம் வண்ண வண்ணமாக வட்டப் படங்களில் வந்தன. அப்புறம் சொன்ன ஒரு வார்த்தையில்தான் நம்பிக்கை வந்தது: "பணம் எங்களிடம் பத்திரமாக இருக்கும் சார். போஸ்ட்டைப் பார்த்து நீங்கள் ஓகே சொன்ன பிறகுதான் அவர்களுக்குப் போகும்." சேவைக் கட்டணம் உட்பட 2 லட்சம் கட்டினோம்.

அந்த ஓகே எப்படி நடக்கிறது என்பதைக் கேளுங்கள். போஸ்ட் போட்டு 48 மணி நேரத்துக்குள் மறுப்பு தெரிவிக்காவிட்டால் தானாகவே ஒப்புதல் ஆகிவிடும். இது ஒப்பந்தத்தில் இல்லை, தளத்தின் உதவிப் பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. ரிப்போர்ட் வருவதோ ஒரு வாரம் கழித்து. அதாவது எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் லிங்க்கைத் தொட்டார்கள் என்று நமக்குத் தெரியும் முன்பே பணம் கைமாறிவிடும். 48 மணி நேரத்தில் நாம் பார்க்கக்கூடியது வீடியோ வந்திருக்கிறதா என்பதை மட்டும்தான். வீடியோ வந்திருந்தது. நன்றாகவே எடுத்திருந்தார்கள்.

ரிப்போர்ட்டில் 1,900 லிங்க் கிளிக் என்று போட்டிருந்தது. ஒவ்வொரு கணக்குக்கும் தனி கூப்பன் கோடு கொடுத்திருந்தோம். பத்து கோடுகளும் சேர்ந்து வந்த ஆர்டர் 7. எங்கள் வெப்சைட் கணக்கை எடுத்துப் பார்த்தால், லிங்க்கில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு நொடிகூட நிற்கவில்லை. பக்கத்தைக் கீழே நகர்த்தவே இல்லை. மனிதர் வந்திருந்தால் ஒரு படத்தையாவது பார்த்திருப்பார்.

அப்புறம் உட்கார்ந்து பத்து வீடியோவின் கமெண்ட்களையும் ஒரு ஷீட்டில் போட்டு, பெயர் வாரியாக வரிசைப்படுத்தினேன். அதே நாற்பது சொச்சம் பெயர்கள் ஏறக்குறைய எல்லா வீடியோவுக்குக் கீழேயும் இருந்தன. "வாவ்", "செம", நெருப்புப் படம், கைதட்டல் படம். பேனா வீடியோவுக்குக் கீழே ஒருவர் "இந்த டிரஸ் சூப்பர்" என்று எழுதியிருக்கிறார். இதற்கென்றே மெசேஜ் குரூப்கள் இருக்கின்றன. ஒருவர் லிங்க்கைப் போட்டால் மற்றவர்கள் போய் லைக்கும் கமெண்ட்டும் போட வேண்டும், பதிலுக்கு இவர் அவர்களுக்குப் போடுவார். கமெண்ட் போடுகிறவர் நிஜ மனிதர்தான் என்பதால் போலிக் கணக்கைத் தேடும் கருவியில் இது சிக்காது. பச்சை டிக் எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா?

எனக்கு உறுத்திய இன்னொன்று. இடது கைக்காரர்களுக்கான பொருளை எங்கே காட்டினாலும் முதலில் வரும் பேச்சு "நானும் இடது கைதான்" என்பது. பத்து வீடியோவிலும் சேர்த்து அந்த வார்த்தையை ஒருவர்கூட எழுதவில்லை.

புகார் சொன்னபோது முதல் பதில்: "இது விழிப்புணர்வு கேம்பெய்ன் சார், விற்பனைக்கானது இல்லை." விற்பனைக்கு இல்லையென்றால் கூப்பன் கோடு எதற்கு வாங்கினார்கள்? அடுத்தது அல்காரிதம் மாறிவிட்டதாம். அதற்கும் அடுத்து எங்கள் வெப்சைட் மெதுவாகத் திறக்கிறதாம். கமெண்ட் ஷீட்டை அனுப்பினேன், "சம்பந்தப்பட்ட டீமுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். பச்சை டிக் காட்டிய மேனேஜர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டாராம். கடைசியில், அடுத்த கேம்பெய்னுக்கு 10 சதவீதத் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். 2 லட்சத்தை வாங்கிக்கொண்டு இன்னொரு கேம்பெய்ன் போடச் சொல்கிறார்கள்!

இதே சமயத்தில் தளத்துக்கு வெளியே நானே தேடிப் பிடித்த ஒரு கையெழுத்து ஆசிரியைக்கு நோட்டும் பேனாவும் மட்டும் அனுப்பியிருந்தேன். அவருக்கு இருப்பது 6,000 பாலோயர்தான். அவரே இடது கைக்காரர். வீடியோவில் எழுதி முடித்ததும் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார், மைக்கறை இல்லை. கீழே வந்தவை எல்லாம் கேள்விகள்: நிப் கீறுமா, தாளின் பின்பக்கம் மை ஊறுமா, சின்னப் பிள்ளைகளுக்கு அளவு உண்டா. அவருடைய கோடில் 31 ஆர்டர். 2 லட்சம் வாங்கிய பத்து பேர் சேர்ந்தும் ஏழுதான்.

விரிவாக எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுதத்தான் நினைத்தேன், இன்று முடியவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். பார்வையாளர் விவரத்தை ஸ்கிரீன்ஷாட்டாக வாங்காதீர்கள், அதில் எண்ணை மாற்றுவது நிமிட வேலை. அந்த இன்ஃப்ளூயன்சரே தன் ஆப்பைத் திறந்து காட்டும் ஸ்கிரீன் ரெக்கார்டிங் கேளுங்கள். பழைய போஸ்ட்கள் சிலவற்றைத் திறந்து கமெண்ட்களைப் படியுங்கள், திரும்பத் திரும்ப அதே பெயர்கள் வந்தால் விட்டுவிடுங்கள். முதலில் இரண்டு பேரோடு மட்டும் செய்து பாருங்கள். பாதிப் பணம் ரிப்போர்ட் வந்த பிறகுதான் என்று எழுத்தில் வாங்குங்கள், ஒப்புக்கொள்ளாத தளத்துக்குக் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டு கார்டில் கட்டியவர்கள் முதலில் பேங்குக்குப் போங்கள். இந்தப் புகாருக்குக் காலக்கெடு உண்டு. தளத்தின் பதிலுக்காகக் காத்திருந்தால் அந்தக் கெடு ஓடிவிடும், அவர்கள் இழுத்தடிப்பதும் அதற்குத்தான்.