கொப்பியில் மூன்று கட்டம்: சாட்டில் வரும் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதி இரண்டரை வருடம்

ஹட்டனில் ஒரு சின்ன ஒன்லைன் கடைக்கு வாட்ஸ்அப்பில் பதில் போடுவது என் வேலை. சப்பாத்து, ஸ்கூல் பேக், குளிர் சட்டை, இவ்வளவுதான் எங்கள் சாமான். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தோட்டப் பக்கத்து ஆட்கள். லயத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது. மேட்டில் ஏறிய பிறகுதான் மெசேஜ் எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும். வொய்ஸ் நோட், அரைகுறைப் படம், பாதியில் நின்ற வாக்கியம், நடுவில் வேறு யாருக்கோ அனுப்ப வேண்டிய ஒரு "குட் மோர்னிங்". இந்தக் குவியலில் இருந்து அமைதியான பதிலொன்றை எடுக்க நான் பிடித்துக்கொண்டது ஒரு கொப்பிதான். அதை இரண்டு வருடம் பாவித்த அனுபவம் இது.

முதல் ஆறு மாதம் கொப்பி இல்லை. வாட்ஸ்அப் பிசினஸில் `/` தட்டினால் வரும் தயார் பதில்களை நம்பியிருந்தேன். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்" என்று ஒன்று எழுதி வைத்து, யார் கத்தினாலும் அதையே போட்டேன். பொகவந்தலாவைப் பக்கத்து அண்ணன் ஒருவர், "நியூஸ் வாசிக்காதீங்க, என் பேக் எங்க?" என்று கேட்டார். அன்றோடு அந்தப் பதிலை அழித்துவிட்டேன்.

பிறகுதான் பக்கத்தை மூன்றாகப் பிரித்து எழுதத் தொடங்கினேன். முதல் கட்டத்தில் என்ன நடந்தது. இரண்டாவதில் அவர் என்ன கேட்கிறார். மூன்றாவதில் இந்தச் சாட்டுக்குள் நாங்கள் ஏற்கெனவே என்ன சொல்லிவிட்டோம். முதலிரண்டும் யாருக்கும் தோன்றக்கூடியவை. மூன்றாவது பிந்தித்தான் வந்தது, ஆனால் முழு வேலையும் அதில்தான் இருக்கிறது. ஆட்களுக்குக் கோபம் ஏறுவது பெரும்பாலும் சாமானால் இல்லை, நாங்கள் நடுவில் எழுதிய ஒற்றை வரிகளால்.

ஒரு முறைப்பாட்டை முழுதாகவே சொல்கிறேன். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து அக்கா, மகளுக்கு 3ஆம் நம்பர் கறுப்புச் சப்பாத்து எடுத்திருந்தார். பார்சல் பிந்தித்தான் போனது, உள்ளே இருந்த சோடியும் அளவில்லை. வியாழன் பின்னேரத்தில் இருந்து வெள்ளி மத்தியானம் வரை 34 மெசேஜ். அதில் ஐந்து வொய்ஸ் நோட், இரண்டு படம். "மூனு நாள்னு சொன்னிங்க, ஆறு நாள் ஆச்சு" என்று தொடங்கி, "சல்லிய வாங்கிட்டுத்தான் பார்சலையே குடுத்தான்" என்று போய், "1977க்கு அடிக்கிறேன்" என்பதில் வந்து நின்றது. 1977 நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம். அதைச் சொல்லிவிட்டால் எங்கள் கடையில் எல்லோருக்கும் கை நடுங்கும். அந்த நடுக்கத்தில் எழுதிய பதில் உருப்படாது.

வொய்ஸ் நோட் ஐந்தையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். நாலாவதில், பிள்ளை அழுகிற சத்தத்துக்கு நடுவே, ஒரு தடவை மட்டும் சொல்கிறார்: திங்கட்கிழமை ஸ்கூல், வீட்டுக்காரர் சனிக்கிழமை டவுனுக்கு இறங்குவார். இரண்டாவது கட்டத்துக்குத் தேவையானது இது மட்டும்தான். பிந்தி வந்ததைப் பற்றி எட்டு மெசேஜ் இருந்தது, ஆனால் போன நாளைத் திருப்பிக் கொடுக்க எங்களால் முடியாது. அதிகம் கத்தியது எதுவோ அதுதான் வேண்டியது என்று நினைத்துக்கொண்டு பதில் எழுதினால், கூரியர் ஏன் பிந்தியது என்று பத்து வரி விளக்கம் போயிருக்கும், பிள்ளைக்குச் சப்பாத்து போயிருக்காது.

முதல் கட்டத்தில் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அவர் சொன்னதை அப்படியே எழுதி, நாங்கள் கண்ணால் பார்த்து உறுதி செய்ததற்கு மட்டும் பக்கத்தில் சரி அடையாளம் போடுவேன். முதல் படத்தில் பெட்டி ஸ்டிக்கரில் 3, இரண்டாவது படத்தில் சப்பாத்தின் அடியில் 5. அப்படியென்றால் எங்கள் தட்டில் 5 என்று எழுதிய பெட்டிக்குள் 3ஆம் நம்பர் சோடி ஒன்று இருக்க வேண்டும். போய்த் திறந்து பார்த்தேன், இருந்தது. ஐந்து நிமிட வேலை. அந்தப் பெட்டி அங்கே இல்லாவிட்டால் இன்னொருவருக்குப் போயிருக்கும், அடுத்த முறைப்பாடும் வந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது கட்டம்தான் வெட்கம். எங்கள் பக்கத்தில் இருந்து இரண்டு தடவை "செக் பண்ணி சொல்றோம் அக்கா", பிறகு ஒரு தடவை "சைஸ் சரியாதான் போட்டோம்". கூட வேலை செய்யும் பையன் பில்லை மட்டும் பார்த்து எழுதியது. நான் அனுப்பிய பதில் இப்படி:

"அக்கா, 3ஆம் நம்பர் பெட்டிக்குள்ள 5ஆம் நம்பர் சப்பாத்து வந்திருக்கு. பெக் பண்ணும்போது அடியைப் பார்க்காம மூடினது எங்க பிழை. நேத்து 'சரியாதான் போட்டோம்'னு சொன்னதும் எங்க பிழை. மூணு நாள் பிந்தினதுக்கும் சேர்த்து மன்னிச்சுக்கங்க.

சரியான சோடி இப்ப எங்க கையில இருக்கு. நாளைக்குக் காலையில மஸ்கெலியா பஸ்ஸில குடுத்து விடுறோம், கூலி எங்களோடது. பஸ் கிளம்பினதும் பஸ் நம்பரையும் கண்டக்டர் போன் நம்பரையும் அனுப்புறேன். அண்ணன் டவுனுக்கு வரும்போது ஸ்டாண்டில எடுத்துக்கலாம். 5ஆம் நம்பர் சோடியை அதே கண்டக்டர்கிட்ட குடுத்து விடுங்க. சப்பாத்து வேணாம், சல்லிதான் வேணும்னா சொல்லுங்க, இன்னைக்கே பேங்க்ல போட்டுடுறோம்."

வந்த பதில்: "சரி தங்கச்சி. பஸ் நம்பர மறக்காம அனுப்பு." 1977 பற்றிய பேச்சு பிறகு வரவில்லை.

அந்தப் பதிலில் "ஏதும் சிரமம் ஏற்பட்டிருந்தால்" என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். "இருந்தால்" என்று எழுதியதும், சிரமம் நடந்ததா என்று நாங்களே சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும். காரணமும் எழுதவில்லை. மழை, கூரியர், ஆள் பற்றாக்குறை எல்லாம் உண்மையாகவே இருந்தாலும், மன்னிப்புக்குப் பக்கத்தில் வந்தால் அவை சாட்டுச் சொல்வது போலத்தான் காதில் விழும். கேட்டால் சொல்லலாம்.

கொப்பியும் காலை வாரியது உண்டு. ஒரு தடவை, அடையாளம் போடாத ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சல்லி போட்டும் சாமான் வரவில்லை என்று ஒருவர் ரிசிட் படம் அனுப்பினார். அவசரத்தில் "எங்கள் பிழை" என்று எழுதிய பிறகுதான் பார்த்தேன், ரிசிட்டில் இருந்தது வேறு யாருடைய கணக்கு இலக்கமோ. வாட்ஸ்அப்பில் 15 நிமிடம் வரை மெசேஜைத் திருத்தலாம், ஆனால் அவர் படித்து முடித்திருந்தார். இப்போது உறுதியாகாத நேரத்தில் "இவ்வளவு நேரம் காக்க வைத்ததற்கு மன்னிக்கவும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அது மட்டும் எப்போதும் உண்மையாக இருக்கிறது. இரண்டாம் தடவையும் பிழை நடந்த ஆளுக்கு எழுதுவதே இல்லை, நேரே போன்தான். எவ்வளவு பக்குவமாக எழுதினாலும் அவர்கள் படிக்க மாட்டார்கள்.

பெரிய சோதனை 2025 நவம்பர் கடைசியில் வந்தது. டிட்வா புயல் மழையில் மண்சரிந்து பாதைகள் மூடிக் கிடந்தன. இரண்டாவது கட்டத்தில் எல்லோரும் கேட்டது "எப்ப வரும்?" மட்டும்தான், அதற்கு எங்களிடம் திகதி இல்லை. கூரியர்காரரின் வாயில் இருந்து ஒரு திகதியைப் பிடுங்கி எழுதினால் அது எங்கள் வாக்காகிவிடும், தவறினால் மூன்றாவது கட்டத்தில் ஏறிவிடும். அதனால் பார்சல் எங்கே நிற்கிறது, சல்லியைத் திருப்பி எடுக்க முடியும், அடுத்த மெசேஜ் நாளை 11 மணிக்கு, இந்த மூன்றை மட்டும் எழுதினேன். பார்சல் வரும் நேரம் என் கையில் இல்லை, மெசேஜ் போகும் நேரம் இருக்கிறது. சொல்ல ஒன்றுமே இல்லாத நாளிலும் 11 மணிக்கு "இன்னும் அங்கேதான் நிற்கிறது" என்று அனுப்பியாக வேண்டும்.

இந்த முறையில் பிடிக்காதது அதுதான். போனில் 10.55க்கு வைத்த அலாரம் இப்போதும் அடிக்கிறது. அம்மாவுக்கு அது தேத்தண்ணி நேரத்து மணியாகிவிட்டது.