வேலையை விட்டதும் பி.எஃப். பணத்தை எடுப்பதா, விட்டுவைப்பதா?

என் சித்தி மகன் போன வருடம் வேலையை விட்டான். வயது 32. ஒரே கம்பெனியில் 4 வருடம் 4 மாதம் இருந்தான். ராஜினாமா கடிதம் கொடுத்த அன்று மாலையே போன் செய்தான். "அண்ணா, பி.எஃப்.ல அஞ்சு லட்சத்துக்கு மேல இருக்கு. எடுத்துடட்டுமா?" சம்பளப் பட்டியல் போடுகிற வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி எனக்கு மாதம் இரண்டு முறையாவது வரும். வந்தவர்களில் பாதிப் பேர் எடுத்த பிறகுதான் கேட்பார்கள். இவன் முன்பே கேட்டதில் எனக்கு நிம்மதி.

முதலில் அவன் பாஸ்புக்கைத் திறக்கச் சொன்னேன். அடிப்படைச் சம்பளம் 40,000. அதில் 12 சதவீதம், அதாவது 4,800 ரூபாய், மாதாமாதம் அவன் பங்காகப் போயிருக்கிறது. கம்பெனியும் அதே 4,800 கட்டியது. ஆனால் அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். மீதி 3,550தான் பி.எஃப். கணக்கில் சேரும். இப்படிச் சேர்ந்ததில் அவன் பங்கு சுமார் 2,50,000, கம்பெனி பங்கு 1,84,000, வட்டி 81,000. ஆக மொத்தம் 5,15,000.

எடுத்தால் என்ன ஆகும்? ஐந்து வருட சர்வீஸ் முடியாமல் முழுத் தொகையையும் எடுத்தால் வரி உண்டு. கம்பெனி பங்கும் அதன் வட்டியும் சம்பள வருமானமாகக் கணக்காகும். சொந்தப் பங்கின் வட்டி இதர வருமானம். சொந்தப் பங்குக்கு 80சி பிரிவில் சலுகை வாங்கியிருந்தால் அந்தச் சலுகையும் திரும்பப் போகும். இவன் பழைய வரிமுறையில் இருந்தவன், 80சி-யில் காட்டியதும் இது ஒன்றுதான். எனவே 5,15,000 முழுவதும் வரிக்குள் வருகிறது. அவன் 20 சதவீத வரம்பில் இருப்பவன். செஸ் சேர்த்தால் வரி ஏறக்குறைய 1,07,000 ரூபாய். கையில் நிற்பது 4,08,000.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பணம் 50,000-க்கு மேல் இருந்தால் பி.எஃப். அலுவலகம் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியை வங்கியில் போட்டுவிடும். "வரிதான் பிடிச்சாச்சே" என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அது முன்பணம் மாதிரிதான். மீதி வரியைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது நாம்தான் கட்ட வேண்டும். பான் எண்ணை இணைக்காதவருக்குப் பிடித்தமே 20 சதவீதம்.

எட்டு மாதம் கூடுதலாக இருந்திருந்தால் இந்த ஒரு லட்சம் மிச்சம். ஆனால் அந்த எட்டு மாதத்தைப் பழைய கம்பெனியிலேயே ஓட்டத் தேவையில்லை. பழைய கணக்கைப் புது வேலையின் கணக்குக்கு மாற்றிவிட்டால் இரண்டு சர்வீஸும் சேர்ந்தே ஐந்து வருடமாக எண்ணப்படும்.

சரி, எடுக்காமல் விட்டால்? இதில் இரண்டு வகை உண்டு. கணக்கை அப்படியே கிடக்க விடுவது ஒன்று, புது வேலைக்கு மாற்றுவது இன்னொன்று. இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பதால் வருகிற நஷ்டம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

சந்தா நின்றுபோன கணக்குக்கும் வட்டி வரும். 58 வயது வரை வரும். மூன்று வருடத்தில் வட்டி நின்றுவிடும் என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். 2016-ல் விதி மாறிய பிறகு, 55 வயதுக்கு முன் வேலையை விட்டவருக்கு அது பொருந்தாது. ஆனால் வேலையை விட்ட நாளுக்குப் பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு. 2017-ல் பெங்களூரு வருமானவரித் தீர்ப்பாயம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2002-ல் ஓய்வு பெற்ற ஒருவர் 2011-ல்தான் பணத்தை எடுத்தார். இடைப்பட்ட வருடங்களின் வட்டி முழுவதும் வரிக்குரியது என்று தீர்ப்பு வந்தது. பாஸ்புக்கில் வட்டி தொகையாக ஏறுவது மட்டும்தான் தெரியும். வரிக்கணக்கில் அதைக் காட்ட வேண்டும் என்று யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

இதையெல்லாம் 26 வருடத்துக்கு, அதாவது அவனுக்கு 58 ஆகும் வரை, ஓட்டிப் பார்த்தோம். 2023-24, 2024-25 இரண்டிலும் அறிவித்த 8.25 சதவீதமே கடைசி வரை நீடிப்பதாக வைத்துக்கொண்டேன். அது நிச்சயமில்லை, ஒப்பிட ஒரே அளவுகோல் வேண்டும், அதற்காக. புது வேலைக்கு மாற்றினால் 5,15,000 சுமார் 40 லட்சமாகிறது. கிடக்க விட்டு, வட்டிக்கு ஆண்டுதோறும் வரி கழித்தால் சுமார் 27 லட்சம். இன்றே எடுத்து, வரி போக மிஞ்சிய 4,08,000-ஐ 6.5 சதவீத வங்கி வைப்பில் போட்டால், அந்த வட்டிக்கும் வரி போக 15 லட்சம்.

"ஷேர் ஃபண்டில போட்டா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. 4,08,000-ல் தொடங்கி, கடைசியில் ஆதாய வரியும் கட்டிவிட்டு அந்த 40 லட்சத்தை எட்ட, ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு நெருக்கமாக, 26 வருடம், இடையில் கை வைக்காமல் வளர வேண்டும். நடக்கலாம். ஆனால் பி.எஃப். எடுத்தவர்களின் பணம் எங்கே போகிறது என்று நான் பார்த்திருக்கிறேன்: பைக், தங்கையின் வளைகாப்பு, வீட்டு அட்வான்ஸ். முழுதாக ஃபண்டுக்குப் போனது மிகக் குறைவு.

எடுப்பதே சரி என்று நான் சொல்லும் ஆட்களும் உண்டு. ஐந்து வருடம் தாண்டியவருக்கு எடுக்கும் தொகைக்கு வரி கிடையாது. அவர் இனி மாதச் சம்பளத்துக்கே போகப்போவதில்லை, சொந்தத் தொழில் என்றால் மாற்ற வேறு கணக்கும் கிடையாது. வட்டிக்கு வரி கட்டிக்கொண்டு கிடக்க விடுவதில் பெரிய லாபம் இல்லை. கிரெடிட் கார்டு பாக்கி கழுத்தை நெரிக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், அந்த வட்டிக்கு முன்னால் 8.25 நிற்காது.

பென்ஷன் பங்கையும் கவனிக்க வேண்டும். மொத்தமாக எடுப்பவர்கள் பி.எஃப். பணத்துக்கான படிவம் 19-உடன் பென்ஷன் பங்கை எடுக்கும் 10சி-யும் போட்டுவிடுவார்கள். அதோடு பென்ஷன் சர்வீஸ் அறுந்துவிடும். மாத ஓய்வூதியத்துக்குப் பத்து வருடம் வேண்டும். அடுத்த வேலையில் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். மாற்றினால் இந்த நான்கு வருடமும் கூடவே வரும்.

காத்திருக்கும் காலமும் மாறுகிறது. வேலையில்லாமல் இரண்டு மாதம் ஆனால் முழுதாக எடுக்கலாம் என்பது பழைய விதி. அதை 12 மாதமாக்கவும், 75 சதவீதம் வரை உடனே எடுக்க விடவும் 2025 அக்டோபரில் பி.எஃப். நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. விண்ணப்பிக்கும் நாளில் எது அமலில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி மாற்றுவது என்று முடிவு செய்தான். ஐந்து மாதம் கழித்துப் புது வேலை கிடைத்தது. ஆனால் மாற்றக் கோரிக்கையே போக மறுத்தது. பி.எஃப். உறுப்பினர் இணையதளத்தில் View-க்குள் Service History திறந்து பார்த்தால், அவன் வெளியேறிய தேதியைப் பழைய கம்பெனி பதியவே இல்லை. கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டால் அதை நாமே பதியலாம்: Manage-க்குள் Mark Exit, அப்புறம் ஆதார் ஓ.டி.பி. அவன் அதை முடித்துக் கோரிக்கையைத் திரும்பப் போட்டான். மூன்று வாரம் கழித்துப் பழைய பாஸ்புக்கில் இருப்பு பூஜ்யம். புதிய பாஸ்புக்கில் அவன் பங்கும் கம்பெனி பங்கும் தனித்தனியாக வந்து உட்கார்ந்திருந்தன. அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான்.