போனை வெளிய வைக்கிறதா, ஆப் லிமிட்டா, பொமோடோரோவா: படிக்கும்போது எது நிஜமா உதவுது?

படிக்கிறப்ப போன் தொல்லை குறையணும்னு கேட்டா மூணு வழி சொல்லுவாங்க. போனை ரூமுக்கு வெளிய வை, ஆப்புக்கு லிமிட் போடு, 25 நிமிஷம் படிச்சு 5 நிமிஷம் பிரேக் எடுக்கிற பொமோடோரோ டைமர் வச்சுப் படி. என் கணக்குல முதல் இடம் போனை ரூமுக்கு வெளிய வைக்கிறதுக்கு, அதுக்கப்புறம் பொமோடோரோ, ஆப் லிமிட் கடைசி.

ஆப் லிமிட்ல இருந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா நிறைய பேர் அதைத்தான் முதல்ல போடுறாங்க, ரெண்டு நாள்ல விட்டுடுறாங்க. அது எண்ணுறது ஒரு நாள் மொத்தத்துக்கான நேரம். இன்ஸ்டாகிராமுக்கு 30 நிமிஷம்னு வச்சிருக்கீங்க, காலைல இருந்து தொடவே இல்லைன்னா சாயங்காலம் படிக்க உக்காரும்போது அந்த 30 நிமிஷமும் அப்படியே கையில இருக்கும், படிக்கிற நேரத்துல அது எதையும் தடுக்காது. லிமிட் முடிஞ்சாலும் ஐபோன்ல Ignore Limit தட்டினா போதும், திரும்ப திறந்துடும். ஆண்ட்ராய்டுல டைமரையே எடுத்துட்டு போயிடலாம். ஐபோன்ல ஸ்கிரீன் டைம் பாஸ்கோடை வேற ஒருத்தர் செட் பண்ணி, Block at End of Limit ஆன் பண்ணினாதான் கொஞ்சம் பிடிமானம் இருக்கும். அதனால படிப்புக்குன்னா தினசரி லிமிட்டை விட, ஆண்ட்ராய்டுல Focus mode, ஐபோன்ல Downtime, இதுல நீங்க படிக்கிற மணி நேரத்தை ஷெட்யூல் பண்றதுதான் சரி. Focus mode-ல பிரவுசரையும் சேர்க்க மறந்துட்டா அதே ரீல்ஸை அங்க போய் பார்ப்பீங்க.

ரூம் விஷயம் வேற மாதிரி. போன் மேசைல கவுத்து வச்சிருந்தாலும், சைலன்ட்ல இருந்தாலும், கை நீட்டினா எட்டுது. கஷ்டமான கணக்கு வந்து ரெண்டாவது ஸ்டெப்ல மாட்டினதும் மனசு ஒரு ஓட்டை தேடும், அந்த நேரத்துல ரெண்டு செகண்ட்ல எடுக்க முடியுதா, இல்ல எழுந்து கதவைத் திறந்து போய்த்தான் எடுக்கணுமா, இந்த வித்தியாசம்தான் முக்கியம். எழுந்திருக்கிறதுக்குள்ள "எதுக்குப் போறோம்"னு ஒரு தடவையாவது தோணிடும், பாதி நேரம் அதிலயே திரும்பி உக்காந்துடுவோம். சார்ஜரையும் வெளியவே வச்சிடுங்க, சார்ஜ் போடணும்னு சாக்கு சொல்லி போன் மறுபடி மேசைக்கு வராம இருக்கும்.

பொமோடோரோ, 1980-கள் கடைசில ஃபிரான்செஸ்கோ சிரில்லோ தக்காளி வடிவ கிச்சன் டைமரை வச்சு ஆரம்பிச்சது, 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் பிரேக், நாலு முடிஞ்சா பெரிய பிரேக். இதுல ரெண்டு இடத்துல ஓட்டை விழுது. ஒண்ணு, டைமரையே போன்ல வைக்கிறது, எவ்ளோ பாக்கின்னு பார்க்கப் போய் நோட்டிஃபிகேஷன்ல மாட்டுறது. சாதா கடிகாரமோ கிச்சன் டைமரோ போதும். ரெண்டாவது ஓட்டை பிரேக்ல, 5 நிமிஷத்துல ரீல்ஸ் திறந்தா அது 5 நிமிஷத்துல முடியாது, மூடினாலும் பார்த்தது தலைக்குள்ள ஓடிட்டே இருக்கும். சின்ன பிரேக்ல தண்ணி குடிங்க, நடங்க, போன் பெரிய பிரேக்குக்கு மட்டும்.

25 நிமிஷமும் எல்லாருக்கும் பொருந்தாது. ஒரு பேப்பர் பக்கத்துல வச்சுக்கிட்டு, போன் ஞாபகம் முதல்ல எத்தனையாவது நிமிஷம் வருதுன்னு குறிச்சுட்டே வாங்க. 15-லயே வருதுன்னா ஒரு தடவை படிக்கிற பிளாக்கை 15 நிமிஷம் ஆக்கி மெதுவா ஏத்துங்க. கணக்கு போடுறவங்களுக்கு 25-ல மணி அடிச்சா பாதி கணக்குல அறுந்துடும், அவங்களுக்கு 40 சரி.

உதாரணத்துக்கு ஒருத்தர் சாயங்காலம் 6-லேர்ந்து 9 வரை படிக்கிறார்னு வச்சுக்குவோம். 6 முதல் 6:40 கணக்கு, 10 நிமிஷம் பிரேக், 6:50 முதல் 7:30 மறுபடி கணக்கு. அப்புறம் 20 நிமிஷம் பெரிய பிரேக், போன் இருக்கிற ரூம்லயே நின்னு பார்த்துட்டு அங்கயே வச்சுட்டு வரணும். 7:50 முதல் 8:15 தியரி, 5 நிமிஷம் பிரேக், 8:20 முதல் 8:45 தியரி. நடுவுல "இதை தேடிப் பார்க்கணும், அவன்கிட்ட கேட்கணும்"னு தோணினதை எல்லாம் பேப்பர்ல எழுதி வச்சா, கடைசி 15 நிமிஷம் போனோட உக்காந்து அந்த லிஸ்ட்டை முடிச்சிடலாம். வாட்ஸ்அப்ல வர்ற நோட்ஸை 6 மணிக்கு முன்னாடியே பிரிண்ட் எடுக்கிறதோ லேப்டாப்புக்கு மாத்துறதோ பண்ணிடணும், இல்லன்னா இந்த பிளான் முதல் பிளாக்லயே உடையும்.

ஒரே ஒரு நிலைமைல மட்டும் என் வரிசை மாறும், கிளாஸ் வீடியோவே போன்லதான் பார்க்கணும்னா. அப்போ போன் வெளிய போக முடியாது, Focus mode-தான் முதல் இடத்துக்கு வரும். வீடியோவை முன்கூட்டியே டவுன்லோட் பண்ணி இன்டர்நெட்டை ஆஃப் பண்ணிட்டு பார்க்க முடிஞ்சா இன்னும் நல்லது, பார்த்து முடிச்சதும் கணக்கு போடுற பிளாக்குக்கு போன் திரும்ப வெளிய போயிடணும்.