தகரக் கூரைக்குச் சுண்ணாம்பும் வெள்ளித்தாளும்: சில ஆண்டு அனுபவம்

தம்பலகாமத்தில் எங்கள் இறைச்சிக்கோழிக் கொட்டகை 60 அடி நீளம், 20 அடி அகலம். நாகம் பூசிய தகரக் கூரை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியம் 2 மணிக்கு உள்ளே போனால் உச்சந்தலை சுடும். 5 வாரக் கோழிகள் சிறகை விரித்து, வாயைப் பிளந்து இளைத்துக்கொண்டிருக்கும். விற்கும் தறுவாயில் உள்ள கனத்த கோழிகளே முதலில் சாகும்.

முதலில் கூரையின் மேல் சுண்ணாம்பு அடித்தோம். 10 கிலோ நீற்றிய சுண்ணாம்புக்கு 20 லீட்டர் தண்ணீர், அதில் 1 லீட்டர் வெள்ளை மரப்பசை. தகரத்தைக் கழுவி, காலை வெயில் ஏறுமுன் இரண்டு பூச்சு. அடித்த பகுதியின் அடிப்பக்கத்தில் கையை வைத்திருக்க முடிந்தது. அடிக்காத பகுதியில் முடியவில்லை. மாரி மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் ஆண்டுதோறும் கோடைக்கு முன் மீண்டும் அடிக்க வேண்டும். அலுமினியம் கலந்த தகரமானால் சுண்ணாம்பு வேண்டாம், அரித்துவிடும். கூரைக்கான வெள்ளை வர்ணமே நல்லது.

அடுத்த கோடையில் குமிழி வைத்த வெள்ளித்தாள். விற்றவர் தகரத்தோடு ஒட்டிவிடச் சொன்னார். கொட்டகை கட்டிய மேசன் அதற்கு ஒப்பவில்லை. "தகரத்தில் ஒட்டினால் சூடு நேரே தாளில் இறங்கும், தம்பி. நடுவில் காற்று நிற்க இடம் விடு" என்றார். அவர் சொன்னதே சரி. வெள்ளித்தாள் சூட்டைத் திருப்புவதற்கு அதன் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். குறுக்குச் சலாகைகளுக்குக் கீழே கோழிவலையை இழுத்துக் கட்டி, அதன் மேல் தாளை விரித்தோம். தகரத்துக்கும் தாளுக்கும் இடையில் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் விட்டு, முகட்டருகே சூடு வெளியேற வழியும் வைத்தோம். மாரியில் இன்னொரு நன்மை தெரிந்தது: விடியலில் தகரத்தில் வியர்க்கும் நீர் இப்போது உமியில் சொட்டுவதில்லை.

ஒன்றை எதிர்பார்க்கக் கூடாது. இவை இரண்டும் கூரையிலிருந்து கோழியின் முதுகில் இறங்கும் சூட்டைத்தான் தடுக்கின்றன. கொட்டகைக்குள் வரும் காற்றைக் குளிர்விப்பதில்லை. வெளியே 36 பாகை என்றால் உள்ளேயும் ஏறத்தாழ அதுதான். ஆகவே பக்கவாட்டுத் திரையை இறக்கி மூடினால் செய்த செலவெல்லாம் வீண். வெயில் உச்சத்தில் தீனியை நிறுத்திவைப்பதும், குடிநீர்த் தாங்கியை நிழலில் வைப்பதும் இன்னும் தொடர்கின்றன.

தாளின் மேற்பக்கத்தில் தூசி படிந்து அந்தப் பக்கம் மங்கிவிட்டது. கீழ்ப்பக்கம் இன்னும் பளிச்சென்று இருப்பதால் பயன் பெரிதாகக் குறையவில்லை. தொல்லை அணில்தான்; ஓரங்களைக் கடித்துக் குமிழிகளை உதிர்க்கிறது. தாளின் ஓரத்தை மடித்து மரச்சட்டம் வைத்து ஆணி அடித்த இடங்களில் மட்டும் அது வாய் வைக்கவில்லை.

துப்பாக்கி வடிவ வெப்பமானியால் அளந்து பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: பளபளப்பான தாளில் அது உண்மையைவிடக் குறைத்தே காட்டும். தாளில் ஒரு துண்டு கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டி, அது சூடேறிய பின் அதன் மேல் அளந்து பாருங்கள்.