ரேக், லேபிள் கேட்டு முதலாளியிடம் கொடுத்த ஒரு பக்கமும் அதற்குப் பிந்தைய இரண்டு வருடமும்

பைப் ஃபிட்டிங், போல்ட், வால்வு, எலெக்ட்ரிக்கல் சாமான் என்று ஆயிரத்துச் சொச்சம் பொருள் இருக்கும் ஸ்டோரை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை பெட்டிகள் தரையிலும் பழைய மரத் தட்டுகளிலும் கிடந்தன. எது எங்கே என்பது இரண்டு பேருடைய தலையில் இருந்தது. அதில் ஒருவர் விடுப்பு எடுத்தால் பாதி ஸ்டோரும் விடுப்பில் போய்விடும்.

ரேக் வேண்டும் என்று வாயால் பல முறை கேட்டிருந்தேன். "இத்தனை வருஷம் இப்படித்தானே ஓடுது?" என்பார் முதலாளி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி, தேடுவதில் எவ்வளவு நேரம் போகிறது என்று எழுதிக் காட்டுவோம் என முடிவு செய்தேன்.

கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ஆட்கள் பின்னால் நிற்கவில்லை. பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் ஓடுவார்கள், கணக்கு பொய்யாகிவிடும். கவுன்டரிலிருந்து வரும் துண்டுச்சீட்டிலேயே இரண்டு நேரம் எழுதச் சொன்னேன்: சீட்டு உள்ளே போன நேரம், பொருள் கவுன்டருக்கு வந்த நேரம். எழுதுவது கவுன்டர் ஆள், தேடுகிறவர் அல்ல. அவர் தலைக்கு மேலே நொடியும் காட்டும் கடிகாரம் ஒன்றை மாட்டினேன். ஏழு நாள் எழுதினோம். முதல் நாள் எல்லோரும் விறைப்பாக இருந்ததால் அதைத் தள்ளிவிட்டேன்.

மீதி ஆறு நாளில் 240 சீட்டு. மொத்தம் 481 நிமிடம், அதாவது எட்டு மணி நேரம். சராசரி இரண்டு நிமிடம். முதலாளி முன்னால் இதை மட்டும் வைத்திருந்தால் "இரண்டு நிமிஷம்தானே" என்று சொல்லி முடித்திருப்பார். அவர் சொல்வது தப்பும் இல்லை.

சராசரியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 150 சீட்டு ஒரு நிமிடத்துக்குள் முடிந்திருக்கிறது, சீட்டுக்குச் சுமார் 40 நொடி. 66 சீட்டு இரண்டு, மூன்று நிமிடம் இழுத்திருக்கிறது. மீதி 24 சீட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஒன்பது நிமிடம். பத்தில் ஒரு சீட்டு மொத்த நேரத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றிருக்கிறது. எல்லாமே 40 நொடியில் கிடைத்திருந்தால் 160 நிமிடம் போதும். ஆக ஆறு நாளில் 321 நிமிடம், நாளுக்கு 53 நிமிடம், வெறும் தேடலில் போகிறது.

அந்த 24 சீட்டையும் தனியாக எடுத்து ஒவ்வொன்றும் ஏன் நீண்டது என்று கேட்டேன். பாதிக்கு மேல் காரணம் இடம் இல்லை, பெயர். கேட்பவர் "அரை இஞ்ச் கப்ளர்" என்கிறார். ஒரு வகைப் பெட்டியில் 15 மி.மீ. என்று போட்டிருக்கிறது. வெளிவிட்டத்தைக் கணக்கிடும் வகையில் அதற்கு இணையானது 20 மி.மீ. இன்னொரு கம்பெனி அதே கப்ளரை சாக்கெட் என்கிறது. பழைய ஆளுக்கு இதெல்லாம் கையே சொல்லும். புதிதாக வந்த பையன் நாலு பெட்டியைத் திறந்து பார்க்கிறான், ஒன்றை எடுத்து வருகிறான், அது சேரவில்லை, திரும்பப் போகிறான்.

இன்னொன்றும் குறித்து வைத்தேன். ஆறு நாளில் 11 முறை "சரக்கு இல்லை" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கடை மூடியபின் நானே போய்த் தேடினேன். ஏழு பொருள் உள்ளேயே இருந்தது. ஒன்றுக்கு ஏற்கெனவே புது ஆர்டரும் போயிருந்தது.

முதலாளியிடம் கொடுத்த தாள் ஒரே பக்கம். மேலே அந்த ஏழு பொருளின் பெயரும், எங்கே கிடைத்தது என்பதும். அதன் கீழே 24 சீட்டின் கணக்கு. 53 நிமிடம் கடைசி வரியில். அந்த வரியைப் படித்ததும் அவர் கேட்டது நான் பயந்த கேள்விதான்: "அப்போ ஒரு ஆளைக் குறைச்சிடலாமா?" முடியாது என்று நேராகச் சொன்னேன். 53 நிமிடமும் ஒரே இடத்தில் இல்லை, நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. அதனால் சம்பளம் மிச்சமாகாது. கூட்ட நேரத்தில் கவுன்டரில் காத்து நிற்கும் வாடிக்கையாளர் கொஞ்சம் சீக்கிரம் கிளம்புவார், இருக்கும் சரக்கை இல்லை என்று சொல்வது குறையும், அவ்வளவுதான் நான் தரக்கூடிய வாக்கு. ஆள் குறையும் என்று எழுதியிருந்தால் ரேக் வந்திருக்கும், ஆறு மாதத்தில் என் வார்த்தைக்கு மதிப்பு போயிருக்கும்.

மூன்று வரிசை கேட்டேன், ஒன்றுக்கு அனுமதித்தார். ஃபிட்டிங்குக்கு மட்டும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த மாதமே மீதி இரண்டையும் போடச் சொல்லிவிட்டார்.

இனி பொருளைப் பற்றி. துளை போட்ட ஆங்கிளில் தட்டை ஏற்றி இறக்கும் வகை ரேக்தான் வாங்கினோம். இரண்டு வருடத்தில் அதில் எனக்குக் குறை ஒன்றே ஒன்று. போல்ட் பெட்டிகளை ஒரு தட்டின் நடுவில் குவித்துவிட்டோம், நாலு மாதத்தில் தட்டு நடுவில் தொங்க ஆரம்பித்தது. ஒரு தட்டு இத்தனை கிலோ தாங்கும் என்று விற்பவர் சொல்வது எடை தட்டு முழுக்கச் சமமாகப் பரவினால்தான். இரும்புச் சாமான் சின்னப் பெட்டியிலேயே அவ்வளவு எடை வரும். தட்டுக்கு அடியில் குறுக்கே ஒரு ஆங்கிள் கொடுத்து, போல்ட் எல்லாவற்றையும் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன். ரேக்கின் தலையைச் சுவரோடு பிடிப்பதை மட்டும் முதல் நாளே செய்திருந்தோம். ஆட்கள் தட்டில் கால் வைத்து ஏறத்தான் செய்வார்கள், எத்தனை முறை சொன்னாலும்.

இட எண் இப்படி: 2-03-4 என்றால் இரண்டாவது வரிசை, மூன்றாவது பத்தி, நாலாவது தட்டு. தட்டைக் கீழிருந்து எண்ணுகிறோம். மேலிருந்து எண்ணினால், பின்னால் உச்சியில் ஒரு தட்டு சேர்க்கும்போது எல்லா எண்ணும் மாறிவிடும். நாங்கள் இரண்டு இடத்தில் அப்படிச் சேர்த்தோம், ஒரு லேபிளும் மாறவில்லை.

லேபிளில் இட எண் பெரிதாக, அதன் கீழே பொருளின் பெயர். கம்பெனி வைத்த பெயர் அல்ல, கவுன்டரில் கேட்கும் பெயர். "கப்ளர் / சாக்கெட், அரை இஞ்ச், 20 மி.மீ." என்று எல்லா அழைப்பும் ஒரே லேபிளில். போல்ட், நட், வாஷர் டப்பாவின் முகப்பில் அதே பொருள் ஒன்றை ஒட்டிவிட்டோம். முழு வேலையிலும் செலவே இல்லாதது இதுதான், அதிகம் பயன்பட்டதும் இதுதான். புதுப் பையன் கையில் இருக்கும் மாதிரியை டப்பா முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்து வருகிறான். கவுன்டரில் ஒரு நோட்டும் உண்டு: அகர வரிசையில் பெயர், பக்கத்தில் இட எண். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் என்றால் இரண்டு இடத்திலும் எழுதியிருக்கும்.

நான் சொதப்பியது லேபிளில்தான். முதலில் லேபிளை அச்சடித்து ஒட்டிவிட்டு அப்புறம் சரக்கை அடுக்கினேன். அடுக்க ஆரம்பித்த பிறகுதான் 63 மி.மீ. டீ ஃபிட்டிங் அந்தத் தட்டில் நுழையவே நுழையாது என்று தெரிந்தது. பாதி லேபிளைச் சுரண்டி எடுத்தோம். இரண்டாவது வரிசையில் முதலில் சரக்கை அடுக்கி, காகித டேப்பில் பேனாவால் எழுதி, பத்து நாள் புழங்கவிட்டேன். ஆட்களே மூன்று பொருளை இடம் மாற்றினார்கள், மாற்றிய இடம்தான் சரி. அதன் பிறகுதான் அச்சு.

வாங்கியது சூட்டில் கறுக்கும் தாள் லேபிள், மலிவு என்பதால். பில் தாள் மங்குமே, அதேபோல வெயில் படும் ஜன்னல் பக்கத்தில் ஒரு வருடம் முடிவதற்குள் எழுத்து போய்விட்டது. இப்போது ரிப்பன் வைத்து அச்சடிக்கும் வகைக்கு மாறிவிட்டோம், எழுத்து அப்படியே நிற்கிறது. ஒட்டாமல் உரிவதற்குக் காரணம் வேறு: புது ரேக்கில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. ஸ்பிரிட்டில் துடைத்து ஒட்டியவை ஒன்றுகூட உரியவில்லை.

மூன்று வரிசையும் முடிந்து மூன்று மாதம் ஆனபின் அதே முறையில் ஆறு நாள் எழுதினேன். 251 சீட்டு, 205 நிமிடம். இரண்டு நிமிடமாக இருந்த சராசரி 49 நொடிக்கு வந்தது. தாளில் 53 நிமிடம் என்று எழுதியிருந்தேன், கிடைத்தது நாளுக்குச் சுமார் 46. முதலாளி அந்த ஏழு நிமிடம் எங்கே என்று கேட்கவில்லை. "இல்லை" என்று சொல்லிப் பிறகு கிடைத்த பொருள் அந்த ஆறு நாளில் ஒன்றுதான்.

போன மாதம் மறுபடி எழுதினேன். 238 சீட்டு, 262 நிமிடம். சராசரி 66 நொடிக்கு ஏறிவிட்டது. மிச்சம் நாளுக்கு 36 நிமிடத்துக்கு இறங்கிவிட்டது. லேபிள் பழகிப்போய் யாரும் பார்ப்பதில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். சீட்டைப் பிரித்தால் கதை வேறு. 229 சீட்டுக்குச் சராசரி 50 நொடி, ரேக் போட்ட புதிதில் இருந்த அளவுதான். மீதி ஒன்பது சீட்டு மட்டும் எட்டு எட்டு நிமிடம். அதில் ஆறு, மிகுதிச் சரக்கு. மொத்தமாக வாங்கும்போது பத்துப் பெட்டி வரும், தட்டில் நாலுதான் பிடிக்கும், மீதி ஆறை இறக்குகிறவர் காலியாகத் தெரிந்த இடத்தில் வைத்துவிட்டுப் போகிறார். தட்டு காலியானதும் மறுபடி பழைய தேடல்.

இன்னொரு இரண்டு சீட்டு "இதர" டப்பாவில் முடிந்தது. அந்த டப்பாவை வைத்தது நான்தான். ஒரு டப்பா நாலாகிவிட்டது, அதில் லேபிள் உள்ள பொருளும் கிடக்கிறது. வைக்கச் சோம்பல் வந்தால் கை அங்கேதான் போகிறது. மூன்றை எடுத்துவிட்டேன்.

முதலாளிக்கு இப்போது இரண்டாவது தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதில் ரேக்கும் இல்லை, லேபிளும் இல்லை. மிகுதிச் சரக்குக்கென்று மூன்றாவது வரிசையின் கடைசிப் பத்தியை ஒதுக்க வேண்டும், சரக்கு இறங்கும் நாளில் ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் அடுக்குவதற்கு மட்டும் தர வேண்டும், மிகுதி எங்கே இருக்கிறது என்று அவர் நோட்டில் எழுத வேண்டும். தாளின் மேலே அந்த ஆறு சீட்டில் கேட்ட பொருளின் பெயரும், ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்பதும். இந்த முறையும் ஆள் குறையாது என்பதை முதல் வரியிலேயே போட்டுவிட்டேன்.