இத்தாலிய உயிலில் ‘லெஜிட்டிமா’: ஆங்கிலத்தில் எந்தச் சொல் தாங்கும்?

உயிலில் என்ன எழுதியிருந்தாலும் கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இத்தாலியச் சட்டம் ஒதுக்கி வைக்கும் பங்குக்கு ‘லெஜிட்டிமா’ என்று பெயர். மீதிப் பகுதி ‘திஸ்போனீபிலே’. அதை எழுதுபவர் இஷ்டப்படி யாருக்கும் கொடுக்கலாம்.

ஒருவருக்கு மனைவி, ஒரு மகன், ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். சொத்து 2,40,000 யூரோ. கடன் இல்லை, முன்பே யாருக்கும் எதையும் தானமாகக் கொடுக்கவும் இல்லை. ‘மகனுக்கு லெஜிட்டிமா மட்டும், திஸ்போனீபிலே முழுவதும் மகளுக்கு’ என்பது உயில். சட்டப்படி மனைவிக்கு 1/4, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து 1/2 ஒதுக்கம், மீதி 1/4 திஸ்போனீபிலே. ஆக மகனுக்கு 60,000, மனைவிக்கு 60,000, மகளுக்கு 1,20,000.

ஆங்கில மொழிபெயர்ப்பில் லெஜிட்டிமாவை ‘லீகல் ஷேர்’ என்று எழுதினால், உயிலே இல்லாதபோது சட்டம் தரும் பங்கு என்று லண்டன் வக்கீல் எடுத்துக்கொள்ள இடமுண்டு. இத்தாலியச் சட்டத்தின் அந்தக் கணக்கில் மனைவிக்கு 1/3, பிள்ளைகளுக்கு 2/3. மகனின் 60,000 அப்போது 80,000 ஆகிவிடும். ‘லெஜிட்டிமேட் ஷேர்’ இன்னும் மோசம். பிள்ளைகள் மணவாழ்வில் பிறந்தவர்களா என்ற பேச்சோ என்று நினைக்க வைக்கும். ‘ஃபோர்ஸ்டு ஷேர்’ பரவாயில்லை. ஆனால் பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் அது வாழ்க்கைத்துணை கேட்டுப் பெறும் பங்கைத்தான் குறிக்கும், பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை.

என் தேர்வு ‘ரிசர்வ்டு ஷேர்’. ஐரோப்பிய ஒன்றியத்தின் 650/2012 வாரிசுரிமை ஒழுங்குமுறையின் ஆங்கில வடிவம் இதைத்தான் பயன்படுத்துகிறது. முதல் தடவை வரும் இடத்தில் இத்தாலியச் சொல்லையும் பக்கத்தில் வைத்து, ஒரு வரி அடிக்குறிப்பு போட்டால் போதும். பின்னத்தை மட்டும் நாமே கணக்கிட்டு நுழைக்கக் கூடாது. அது வக்கீல் வேலை.

அடுத்தது, வாரிசைக் குறிக்கும் ‘எரேதே’. இதற்கு ‘பெனிஃபிஷியரி’ என்பதைவிட ‘ஏர்’ சரி. இத்தாலியில் எரேதே, சொத்துப் பட்டியல் எடுத்து அதன் மதிப்பளவுக்கே கடனுக்குப் பொறுப்பு என்ற வரம்போடு ஏற்றாலொழிய, இறந்தவரின் கடனைத் தன் கைப்பணத்திலிருந்தும் கட்ட வேண்டியவர். பெனிஃபிஷியரி என்று படிக்கும் ஆங்கில வாசகருக்கு அந்த ஆபத்து தெரியாது. அப்புறம், பத்திரத்தில் ‘கியமாத்தோ’ என்று இருந்தால் ‘ஏர்’கூடக் கூடாது. அவர் அழைக்கப்பட்டவர்தான், இன்னும் ஏற்கவில்லை. ஏற்க 10 ஆண்டு அவகாசம் உண்டு. சற்று நீண்டாலும் ‘பெர்சன் கால்டு டு த இன்ஹெரிட்டன்ஸ்’ என்றே எழுதுவது நல்லது, குறிப்பாக ஒருவர் வாரிசுரிமையைத் துறக்கும் பத்திரத்தில்.

‘நொத்தாயோ’வுக்கு ‘நோட்டரி பப்ளிக்’ வேண்டாம். அமெரிக்காவில் அவர் பெரும்பாலும் கையெழுத்துக்குச் சான்று தருபவர்தான். நொத்தாயோ சட்டம் படித்து, பத்திரத்தைத் தானே வரைந்து அதற்குப் பொறுப்பேற்கும் அரசு அதிகாரம் பெற்றவர். ‘சிவில் லா நோட்டரி’ பொருந்தும்.